ஏப்ரலில் வாங்கிய தொழில், ஆகஸ்டில் பதிவான கம்பெனி: இடைப்பட்ட லாபத்தைப் பிரிப்பது எப்படி?

கூட்டாண்மையாக நடந்துவந்த தொழிலை ஏப்ரல் 1 முதல் கம்பெனி எடுத்துக்கொள்வதாக ஒப்பந்தம் போடுகிறார்கள். கம்பெனி பதிவாகிச் சான்றிதழ் கைக்கு வரும்போது ஆகஸ்ட் ஆகிவிடுகிறது. தொழில் அதுவரை காத்திருக்காது. கணக்கும் ஒரே புத்தகத்தில் மார்ச் 31 வரை ஓடி, கடைசியில் வருடம் முழுவதற்கும் ஒரே லாபமாக வந்து நிற்கும். அந்த லாபத்தில் ஒரு பகுதி, கம்பெனி என்ற ஒன்றே இல்லாத நாட்களில் வந்தது. அதைத்தான் பதிவுக்கு முந்தைய லாபம் என்கிறோம்.

இல்லாத கம்பெனி சம்பாதித்திருக்க முடியாது. எனவே அந்தப் பகுதி, தொழிலை வாங்கியபோது அதோடு சேர்ந்து வந்த சொத்தாகத்தான் கணக்கில் நிற்கும். அது மூலதன லாபம். அதிலிருந்து பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகை கொடுக்க முடியாது. பதிவுக்குப் பிந்தைய பகுதி மட்டுமே பங்கிடக்கூடியது. பிரிக்கும் கணக்கில் பிழை இருந்தால், கொடுக்கக்கூடாத பணத்தை ஈவாகக் கொடுத்துவிடும் நிலை வரும்.

கீழே வருவது இந்தியச் சட்டப்படி பதிவாகும் தனியார் கம்பெனிக்கான வழிமுறை. சிவகாசியில் பள்ளி நோட்டுகள் தயாரிக்கும் ஒரு கூட்டாண்மையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காகப் போட்டவை. நோட்டுத் தொழிலைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பள்ளி திறக்கும் முன்னும் பின்னுமான சில மாதங்களில்தான் அங்கே பெரும்பாலான விற்பனை முடிந்துவிடும். லாபத்தை மாதக் கணக்கில் பிரித்தால் எவ்வளவு தப்பாகும் என்பது இந்தத் தொழிலில் பளிச்சென்று தெரியும்.

1. முதலில் தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்

மூன்று தேதிகள் வேண்டும். தொழில் எந்தத் தேதியிலிருந்து கம்பெனிக்குச் சேர்ந்தது என்பது ஒன்று. இது விற்பனை ஒப்பந்தத்தில் இருக்கும். இரண்டாவது, பதிவுச் சான்றிதழில் உள்ள தேதி. மூன்றாவது, கணக்கு முடிக்கும் தேதி. நம் எடுத்துக்காட்டில் இவை முறையே 2024 ஏப்ரல் 1, 2024 ஆகஸ்ட் 1, 2025 மார்ச் 31.

பிரிக்கும் கோடு பதிவுச் சான்றிதழின் தேதிதான். அந்த நாள் பிந்தைய காலத்தில் சேரும். ஆகவே நம் முந்தைய காலம் ஜூலை 31-உடன் முடிகிறது.

இங்கே பலர் தடுமாறுவது, தொழில் தொடங்குவதை அறிவிக்கும் INC-20A படிவத்தால். பங்கு மூலதனம் உள்ள புதிய கம்பெனி, பதிவான 180 நாட்களுக்குள் இந்த அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு முன் தொழிலைத் தொடங்கவோ கடன் வாங்கவோ கூடாது. பழைய பாடப்புத்தகங்களில் பொதுக் கம்பெனிகளுக்கென்று 'தொழில் தொடங்கும் சான்றிதழ்' ஒன்று வரும். அந்த நினைவில் சிலர் INC-20A தேதியைப் பிரிவுக்கோடாக எடுத்துவிடுகிறார்கள். அது தவறு. கம்பெனி சட்டப்படி ஒரு நபராக உருவாவது பதிவுத் தேதியில். லாபம் ஈட்டும் தகுதியும் அன்றே வந்துவிடுகிறது.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் தொழிலை எடுப்பவர்கள் அந்தப் படிவத்துக்கு 180 நாள் அவகாசம் இருக்கிறதே என்று இருந்துவிடக் கூடாது. வங்கிக் கணக்கு திறந்து, பங்குதாரர்கள் தங்கள் பங்குப் பணத்தைச் செலுத்தியதும் அந்த வங்கி அறிக்கையோடு உடனே தாக்கல் செய்யுங்கள். கட்டணம் மூலதனத்தைப் பொறுத்து ரூ.200 முதல் ரூ.600 வரைதான். தவறினால் கம்பெனிக்கு ரூ.50,000 அபராதம், பொறுப்பாளர்களுக்கு நாளொன்றுக்கு ரூ.1,000 தனி.

2. அந்த லாபம் உங்கள் கம்பெனிக்குத்தான் சேருமா என்று பாருங்கள்

பிரிக்கும் கணக்கில் இறங்கும் முன் ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். பதிவாகும் வரை வரும் லாபம் விற்பவருக்கே என்று எழுதியிருந்தால், கம்பெனியின் புத்தகத்தில் பதிவுக்கு முந்தைய லாபம் என்ற பேச்சே இல்லை. 'ஏப்ரல் 1 முதல் வரும் லாப நஷ்டம் கம்பெனியைச் சேரும்' என்று தெளிவாக இருந்தால்தான் இந்த வேலை.

அப்படி எழுதும்போது விற்பவர் பதிலுக்கு ஒன்று கேட்பார். கிரயத் தொகை கைக்கு வரும்வரை அதற்கு வட்டி வேண்டும் என்பார். நம் எடுத்துக்காட்டில் கிரயம் 40 லட்சம் ரூபாய், வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம், தொகை முழுவதும் செப்டம்பர் 30-இல் பணமாகத் தீர்க்கப்பட்டது.

இன்னொரு ஆவணமும் தேவை. பதிவுக்கு முன் போட்ட ஒப்பந்தத்தில் கம்பெனி கையெழுத்திட்டிருக்க முடியாது; கம்பெனியைத் தொடங்குபவர்கள்தான் கையெழுத்திட்டிருப்பார்கள். பதிவான பிறகு கம்பெனி அதை ஏற்பதாக இயக்குநர் குழுவில் தீர்மானம் போட்டு, விற்பவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முதல் இயக்குநர் குழுக் கூட்டத்தை 30 நாட்களுக்குள் நடத்தியாக வேண்டும். முதல் ஆடிட்டரையும் அதே 30 நாட்களுக்குள் நியமிக்க வேண்டும். இந்த ஏற்புத் தீர்மானத்தையும் அந்தக் கூட்டத்திலேயே முடித்துவிடுங்கள்.

வருமான வரியில் ஒரு கண்ணி இருக்கிறது. கூட்டாண்மை கம்பெனியாக மாறும்போது மூலதன ஆதாய வரி விலக்கு வேண்டுமானால், கூட்டாளிகளுக்குப் பங்குகளைத் தவிர வேறு எந்தப் பயனும் போகக்கூடாது என்பது நிபந்தனைகளில் ஒன்று. பணக் கிரயமும் விற்பவர் வட்டியும் அந்த நிபந்தனையோடு மோதும். விலக்கை நம்பியிருப்பவர்கள் வட்டி விதியை எழுதுவதற்கு முன்பே ஆடிட்டரிடம் கேட்டுவிட வேண்டும். எழுதிக் கையெழுத்திட்ட பிறகு கேட்பதில் பயன் குறைவு.

3. இன்னும் பதிவு ஆகவில்லை என்றால் சரக்கு எண்ணத் தயாராகுங்கள்

விகிதம் போட்டுப் பிரிப்பது, நடுவில் யாரும் கணக்கை நிறுத்தாததால் வரும் வேலை. பதிவுத் தேதிக்கு முந்தைய நாள் மாலையில் காகித ரீல், அட்டை, பாதி முடிந்த நோட்டு, கட்டி வைத்த பண்டல் எல்லாவற்றையும் எண்ணி விலை போட்டுவிட்டால், முந்தைய காலத்தின் மொத்த லாபம், அதாவது சம்பளம், வாடகை போன்ற செலவுகளைக் கழிக்கும் முன் உள்ள லாபம், உண்மைக் கணக்காகவே கிடைத்துவிடும். எண்ணும்போது கூட்டாளி ஒருவரும் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து ஒருவரும் பட்டியலில் கையெழுத்திடட்டும். பிறகு ஒவ்வொரு ரகத்துக்கும் கடைசிக் கொள்முதல் பில்லின் நகலை இணையுங்கள்.

எந்தத் தேதியில் சான்றிதழ் வரும் என்று முன்கூட்டியே உறுதியாகத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ஒன்றிரண்டு நாள் தள்ளி எண்ணினாலும் பரவாயில்லை. இடையில் வந்த சரக்கையும் போன சரக்கையும் பில்லை வைத்துக் கூட்டிக் கழித்துச் சரிசெய்துவிடலாம். இரண்டு மாதம் கழித்து நினைவு வந்தால்தான் வேறு வழியில்லாமல் விகிதத்துக்குப் போக வேண்டியிருக்கும். இனி வருபவை அவர்களுக்கு.

4. கால விகிதம்

இது எளிது. ஏப்ரல் முதல் ஜூலை வரை 4 மாதம், ஆகஸ்ட் முதல் மார்ச் வரை 8 மாதம். விகிதம் 1:2.

பதிவுத் தேதி மாதத்தின் நடுவில் விழுந்தால் 'நாலரை மாதம்' என்று உத்தேசமாகப் போடாமல் நாட்களை எண்ணுங்கள். ஆகஸ்ட் 17-இல் பதிவாகியிருந்தால் ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்டில் 16 நாள், ஆக முந்தைய காலம் 138 நாள். மீதி 227 நாள். ஆண்டுக் கணக்கில் பிப்ரவரி 29 வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. விற்பனை விகிதம்: தப்பு அதிகம் நடக்கும் இடம்

விற்பனையை ஜிஎஸ்டி நீங்கலாக, இன்வாய்ஸ் தேதி வாரியாக எடுக்க வேண்டும். விற்பனையை ஜிஎஸ்டி துறைக்குக் காட்டும் GSTR-1 கணக்கு மாதவாரி கிடைப்பதால் பலர் அதிலிருந்து அப்படியே எடுத்துக் கூட்டுகிறார்கள். அதில் மூன்று இடங்களில் கால் இடறும்.

முதலாவது, இரண்டு ஜிஎஸ்டி எண்கள். கம்பெனிக்குத் தனி பான், அதனால் தனி ஜிஎஸ்டி எண். அது கைக்கு வரும்வரை சில வாரம் பழைய கூட்டாண்மையின் எண்ணிலேயே பில் போடப்பட்டிருக்கும். அந்த பில்களை முந்தைய காலத்தில் சேர்த்துவிடக் கூடாது. யார் பெயரில் பில் என்பது இங்கே பொருட்டல்ல, பில்லின் தேதிதான் கணக்கு. அதனால் இரண்டு எண்களின் விற்பனையையும் சேர்த்து, தேதி வரிசையில் அடுக்கிய பிறகே கோடு போடுங்கள்.

இரண்டாவது, பதிவு மாதத்தின் நடுவில் என்றால் மாத மொத்தம் உதவாது. டேலியில் விற்பனைப் பதிவேட்டைத் தேதி வரம்பு கொடுத்து எடுங்கள்.

மூன்றாவதுதான் பெரியது: திரும்பி வந்த சரக்கு. பள்ளி திறந்த பரபரப்பு ஓய்ந்ததும் கடைக்காரர்கள் மிஞ்சிய நோட்டுகளைத் திருப்பி அனுப்புவார்கள். அதற்கான கிரெடிட் நோட்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் போடப்படும். GSTR-1-இல் அது போட்ட மாதத்தில்தான் தெரியும். ஆனால் அது கழிய வேண்டியது மே, ஜூன் மாத விற்பனையிலிருந்து. ஒவ்வொரு கிரெடிட் நோட்டிலும் மூல இன்வாய்ஸ் எண் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு அசல் மாதத்துக்கே கொண்டுபோய்க் கழியுங்கள்.

நம் கணக்கில் ஏப்ரல் முதல் ஜூலை வரை போட்ட பில்கள் 76 லட்சம். அவற்றிலிருந்து திரும்பி வந்தது 4 லட்சம். ஆகவே முந்தைய விற்பனை 72 லட்சம். ஆகஸ்ட் முதல் மார்ச் வரை 48 லட்சம். விகிதம் 72:48, அதாவது 3:2. கிரெடிட் நோட்டுகளை ஆகஸ்டுக்குப் பிந்தைய விற்பனையில் கழித்திருந்தால் 76:44, அதாவது 19:11 ஆகியிருக்கும். 30 லட்சம் மொத்த லாபத்தில் இந்த ஒரு பிழையால் 1 லட்சம் ரூபாய் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

6. மொத்த லாபத்தைப் பிரித்தல்

மொத்த லாபம் விற்பனையால் வருவது. எனவே விற்பனை விகிதத்தில் பிரியும். வருடத்தின் மொத்த லாபம் 30,00,000 என்றால் முந்தைய காலத்துக்கு 18,00,000, பிந்தைய காலத்துக்கு 12,00,000.

இதற்குள் ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது. வருடம் முழுவதும் ரூபாய்க்கு ஒரே அளவு லாபம் கிடைத்தது என்று வைத்துக்கொள்கிறோம். காகித விலை நடுவில் ஏறி இறங்கியிருந்தால் இது பொய்யாகிவிடும். சோதிப்பது கடினமல்ல. ஏப்ரலில் வாங்கிய காகிதத்தின் டன் விலையையும் நவம்பரில் வாங்கியதையும் பில்லில் பாருங்கள். ஒரே ரக நோட்டின் விற்பனை விலையை இரண்டு காலத்திலும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் விற்பனை விகிதம் போதும். காகித விலை மட்டும் கணிசமாக மாறியிருந்தால், அடக்க விலையைத் தனியாக அந்த மாற்றத்துக்கேற்ப எடையிட்டுப் பிரித்து, அந்தந்தக் காலத்து விற்பனையிலிருந்து கழிக்க வேண்டும்.

7. செலவுகளை ஒவ்வொன்றாகக் கேள்வி கேளுங்கள்

எல்லாச் செலவையும் ஒரே விகிதத்தில் அடித்துவிடுவது சுலபம். அதனால்தான் அது இவ்வளவு பரவலாக நடக்கிறது. ஒவ்வொரு செலவையும் எடுத்து, இது எதனால் கூடுகிறது என்று கேளுங்கள். நாள் போகப்போகக் கூடுகிறதா, சரக்கு விற்க விற்கக் கூடுகிறதா, அல்லது ஒரு காலத்துக்கு மட்டுமே உரியதா?

நாளோடு கூடுபவை கால விகிதத்தில் போகும். அலுவலகச் சம்பளம் அப்படிப்பட்டது. 3,60,000 ரூபாயில் முந்தையது 1,20,000, பிந்தையது 2,40,000. நடுவில் சம்பளம் உயர்ந்திருந்தாலோ ஆள் கூடியிருந்தாலோ சம்பளப் பட்டியலை வைத்து உண்மைத் தொகையையே எடுங்கள்.

வாடகையும் நாளோடு கூடுவதுதான், ஆனால் இங்கே ஒரு திருப்பம். மாதம் 20,000 கொடுத்துவந்த இடத்தில், அக்டோபர் முதல் கூடுதல் குடோனுக்கு மாதம் 10,000 சேர்ந்தது. வருடத்துக்கு 3,00,000. கண்ணை மூடிக்கொண்டு 1:2 போட்டால் முந்தைய காலத்துக்கு 1,00,000 விழும். உண்மையில் அந்த நான்கு மாதம் கொடுத்தது 80,000 மட்டுமே. பிந்தையது 2,20,000.

தேய்மானமும் அதே மாதிரி. பழைய இயந்திரங்களின் 1,80,000 காலத்தில் பிரிந்து 60,000, 1,20,000 ஆகும். டிசம்பரில் வாங்கிய புதிய கட்டிங் மெஷினின் 60,000 முழுக்கப் பிந்தைய காலத்தைச் சேர்ந்தது.

விற்பனையோடு கூடுபவை விற்பனை விகிதத்தில் போகும். ஏஜெண்டு கமிஷன் 3,00,000, லாரி வாடகை 1,50,000. முந்தைய காலத்துக்கு 1,80,000, 90,000. பிந்தைய காலத்துக்கு 1,20,000, 60,000.

வராக்கடனை விவரம் தெரியாதபோது விற்பனை விகிதத்தில் பிரிப்பார்கள். ஆனால் எந்தக் கடைக்காரர் எந்த பில்லுக்குப் பணம் தரவில்லை என்பது சிறு தொழிலில் தெரியாமல் இருக்காது. நம் 50,000-இல் 40,000 ஜூன் மாத பில், 10,000 டிசம்பர் பில். அப்படியே போடுங்கள்.

ஒரு பக்கத்துக்கு மட்டும் உரியவற்றில் விகிதத்துக்கே இடமில்லை. கூட்டாளிகளுக்கு ஜூலை வரை கொடுத்த மாதம் 30,000 சம்பளம், மொத்தம் 1,20,000, முந்தையது. இயக்குநர் சம்பளம் மாதம் 60,000 வீதம் 8 மாதத்துக்கு 4,80,000. கம்பெனி இல்லாமல் இயக்குநர் இல்லை என்பதால் முழுக்கப் பிந்தையது. கம்பெனிச் சட்டப்படியான ஆடிட் கட்டணம் 40,000, கம்பெனி தொடங்கும் செலவு 45,000 இரண்டும் பிந்தையவை. தொடங்கும் செலவு பதிவுக்கு முன்பே கையை விட்டுப் போயிருக்கும். ஆனாலும் அது கம்பெனிக்காகவே ஆன செலவு. கடன் பத்திரம் வெளியிட்டிருந்தால் அதன் வட்டியும் பிந்தையதே.

கடைசியாக விற்பவருக்கான வட்டி. 40 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் 6 மாதத்துக்கு 1,80,000. இதை 1:2 என்று பிரிப்பவர்கள் நிறைய. வட்டி ஓடியது செப்டம்பர் 30 வரை மட்டும். அதில் 4 மாதம் பதிவுக்கு முன், 2 மாதம் பின். எனவே 1,20,000 முந்தையது, 60,000 பிந்தையது. விகிதத்தைக் கையில் எடுக்கும் முன் அந்தச் செலவு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் நின்றது என்று பார்த்திருந்தால் இந்தப் பிழை நேராது.

8. எல்லாவற்றையும் ஒரே தாளில்

| விவரம் | அடிப்படை | முந்தையது (ரூ.) | பிந்தையது (ரூ.) |
|---|---|---|---|
| மொத்த லாபம் | விற்பனை 3:2 | 18,00,000 | 12,00,000 |
| அலுவலகச் சம்பளம் | காலம் 1:2 | 1,20,000 | 2,40,000 |
| வாடகை | உண்மைத் தொகை | 80,000 | 2,20,000 |
| ஏஜெண்டு கமிஷன் | விற்பனை | 1,80,000 | 1,20,000 |
| லாரி வாடகை | விற்பனை | 90,000 | 60,000 |
| வராக்கடன் | பில் வாரியாக | 40,000 | 10,000 |
| தேய்மானம் | காலம், புதியது தனி | 60,000 | 1,80,000 |
| கூட்டாளி சம்பளம் | முந்தையது மட்டும் | 1,20,000 | – |
| இயக்குநர் சம்பளம் | பிந்தையது மட்டும் | – | 4,80,000 |
| ஆடிட் கட்டணம் | பிந்தையது மட்டும் | – | 40,000 |
| கம்பெனி தொடங்கும் செலவு | பிந்தையது மட்டும் | – | 45,000 |
| விற்பவர் வட்டி | 4:2 | 1,20,000 | 60,000 |
| மொத்தச் செலவு | | 8,10,000 | 14,55,000 |
| லாபம் / நஷ்டம் | | 9,90,000 லாபம் | 2,55,000 நஷ்டம் |

சரிபார்க்க, 9,90,000-இலிருந்து 2,55,000-ஐக் கழித்தால் 7,35,000. வருடத்தின் நிகர லாபமும் அதுதான். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஒரு செலவு விட்டுப்போயிருக்கிறது, அல்லது இரண்டு முறை ஏறியிருக்கிறது. ஆனால் ஒத்துப்போவதால் மட்டும் பிரிவு சரி என்றாகாது. தப்பான விகிதத்தில் பிரித்தாலும் கூட்டுத்தொகை ஒத்துப்போகும்.

இதை ஒரு கணம் நின்று பாருங்கள். வருடக் கணக்கு 7,35,000 லாபம் காட்டுகிறது. வங்கியில் பணமும் இருக்கலாம். ஆனாலும் இந்தக் கம்பெனி ஒரு ரூபாய்கூட ஈவாகக் கொடுக்க முடியாது. பதிவான நாளிலிருந்து அது ஈட்டியது நஷ்டம். அடுத்த ஆண்டு லாபம் வந்தாலும், 2,55,000 நஷ்டத்தை ஈடுகட்டிய பிறகே ஈவுத்தொகை பற்றிப் பேசலாம். கம்பெனிகள் சட்டத்தின் 123-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

மொத்த லாபத்தை விற்பனையில் பிரிக்காமல் காலத்தில் பிரித்திருந்தால்? முந்தையதற்கு 10,00,000, பிந்தையதற்கு 20,00,000. செலவுகள் அப்படியே இருக்க, பிந்தைய காலம் 5,45,000 லாபம் காட்டும். இயக்குநர்கள் மகிழ்ச்சியோடு ஈவு அறிவிப்பார்கள். அறிவித்தது முழுக்க மூலதனத்திலிருந்து எடுத்ததாக இருக்கும்.

9. முந்தைய லாபத்தை எங்கே வைப்பது

தொழிலின் நிகர சொத்தைவிட அதிகம் கொடுத்து வாங்கியிருந்தால் வித்தியாசம் நற்பெயராகக் கணக்கில் நிற்கும். பதிவுக்கு முந்தைய லாபத்தை முதலில் அதைப் போக்கெழுதப் பயன்படுத்தலாம். மீதியை மூலதனக் காப்புக்கு மாற்ற வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஏப்ரல் 1-இல் நிகர சொத்து 36 லட்சம், கிரயம் 40 லட்சம், நற்பெயர் 4 லட்சம். பதிவு இப்படி வரும்:

```
லாப நஷ்டக் கணக்கு (முந்தைய காலம்)  பற்று  9,90,000
    நற்பெயர் கணக்கு                  வரவு  4,00,000
    மூலதனக் காப்புக் கணக்கு          வரவு  5,90,000
```

பிந்தைய நஷ்டம் 2,55,000 லாப நஷ்டக் கணக்கின் பற்று மீதியாகத் தனியே நிற்கும். மூலதனக் காப்பைக் கொண்டு அதை ஈடுகட்டி, கணக்கைச் சுத்தமாகக் காட்டலாமே என்ற எண்ணம் வரும். அப்படிச் செய்தால் பிரித்ததன் பயனே போய்விடும். மூலதனக் காப்பை இருப்புநிலைக் குறிப்பில் காப்புகளும் உபரியும் என்ற தலைப்பின் கீழ் தனி வரியாகக் காட்டுங்கள்.

முந்தைய காலத்தில் நஷ்டம் வந்திருந்தால் அது மூலதன நஷ்டம். அதை நற்பெயரோடு கூட்டலாம், அல்லது தொழிலை வாங்கியபோது மூலதனக் காப்பு உருவாகியிருந்தால் அதில் கழிக்கலாம்.

10. வரி: ஒப்பந்தம் சொல்வது வேறு, சட்டம் பார்ப்பது வேறு

ஏப்ரல் 1 முதல் லாபம் கம்பெனிக்கு என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். வருமான வரித்துறை அதை ஏற்காது. 1961 சட்டத்தின் 170-ஆம் பிரிவுப்படி, தொழில் கைமாறும் தேதிவரை உள்ள வருமானத்துக்குப் பழையவரும் அதற்குப் பிறகு புதியவரும் வரி கட்ட வேண்டும். ஏப்ரல் முதல் ஜூலை வரை கம்பெனிக்குப் பான் எண்ணே இல்லை. அந்த நான்கு மாத வருமானம் கூட்டாண்மையின் கணக்கில்தான் போக வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதலான வருமானத்துக்கு 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்துவதால், பின்னாளில் மாறுபவர்கள் பிரிவு எண்களைப் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதனால் ஒரு சண்டை மூளும். லாபம் கம்பெனியின் புத்தகத்தில், வரி மட்டும் கூட்டாண்மையின் தலையில். நம் 9,90,000-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவருக்கான வட்டி கூட்டாண்மைக்குச் செலவாகாது என்பதால் அந்த 1,20,000-ஐத் திரும்பக் கூட்டினால் 11,10,000. கூட்டாண்மைக்கு 30 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் சுமார் மூன்றரை லட்சம். வரிச் சட்டத்தின் தேய்மான விகிதம் வேறு என்பதால் தொகை சற்று முன்பின் ஆகும். இந்த வரியைக் கடைசியில் யார் ஏற்பது என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி இருக்கட்டும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இது விடுபட்டிருக்கிறது.

வரிக் கணக்கில் தேய்மானம் பயன்படுத்திய நாட்களின் எண்ணிக்கைப்படி இருவருக்கும் பிரியும். நம் எடுத்துக்காட்டில் 122 நாள் கூட்டாண்மைக்கு, 243 நாள் கம்பெனிக்கு. கம்பெனியின் கணக்கில் பிரித்த மாத விகிதத்தை இங்கே கொண்டுவராதீர்கள்.

ஜிஎஸ்டியில் கூட்டாண்மையிடம் மிஞ்சியிருக்கும் உள்ளீட்டு வரி வரவைக் கம்பெனிக்கு மாற்ற ITC-02 தாக்கல் செய்து, கம்பெனி அதை ஏற்க வேண்டும். கடன்களோடும் பொறுப்புகளோடும் தொழில் கைமாறியது என்பதற்கு ஆடிட்டரின் சான்றிதழ் இதற்குத் தேவை. இது முடியும் முன் பழைய எண்ணை ரத்து செய்ய விண்ணப்பிக்காதீர்கள்.

11. எப்போது எதைக் கையில் வைத்திருக்க வேண்டும்

நிதியாண்டு 2025 மார்ச் 31-இல் முடிந்தால், முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 9 மாதம் அவகாசம். அதாவது டிசம்பர் 31 வரை. கூட்டம் முடிந்து 30 நாட்களுக்குள் நிதிநிலை அறிக்கையை AOC-4 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100. ஆனால் கூட்டாண்மையின் வருமான வரிக் கணக்கு இதைவிட முன்னதாகவே போக வேண்டியிருக்கும். ஆகவே பிரிக்கும் வேலையை ஏப்ரல், மே மாதங்களிலேயே முடிப்பது நல்லது. கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பிய விவரமெல்லாம் அப்போதுதான் நினைவில் இருக்கும்.

ஜனவரி 1 முதல் மார்ச் 31-க்குள் பதிவாகும் கம்பெனிக்கு முதல் நிதியாண்டு அடுத்த ஆண்டின் மார்ச் 31 வரை நீளலாம். அப்போது பிந்தைய காலம் 15 மாதம்வரை போகும், கால விகிதமும் அதற்கேற்ப மாறும்.

ஆடிட்டரிடம் போகும்போது பதிவுச் சான்றிதழ், விற்பனை ஒப்பந்தம், அதை ஏற்ற தீர்மானத்தின் நகல், இரண்டு ஜிஎஸ்டி எண்களின் தேதிவாரி விற்பனைப் பட்டியல், மூல இன்வாய்ஸ் எண் எழுதிய கிரெடிட் நோட்டுப் பட்டியல், வாடகை ஒப்பந்தங்கள், மாதவாரி சம்பளப் பட்டியல், மேலே போட்ட அட்டவணை ஆகியவை ஒரே கோப்பில் இருக்கட்டும். அட்டவணையின் ஒவ்வொரு வரியிலும் ஏன் அந்த அடிப்படை என்று ஒரு வாக்கியம் எழுதி இயக்குநர் கையெழுத்திடுங்கள். இந்த வேலைக்கான கட்டணம் வழக்கமான ஆடிட் கட்டணத்துக்குள் அடங்குமா, கூட்டாண்மையின் நான்கு மாதக் கணக்கைத் தனியாக முடிப்பதும் அதில் சேருமா என்பதை முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.